சாவி ஜூனில் தந்தார்கள், வீடு டிசம்பரில்தான் தெரிந்தது

"ஐயா, மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் இந்தக் கம்பனி கட்டிய முதல் தொடர்மாடியில் நீங்கள் இருப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் இப்போது இரண்டாவது கட்டிடத்துக்கு முற்பணம் கேட்கிறார்கள். நான் சுவிஸில் இருக்கிறேன், அம்மாவுக்காக ஒரு வீடு எடுக்க யோசனை. சொன்ன திகதிக்குச் சாவி தந்தார்களா? கட்டுமானம் எப்படி? குடிவந்த பிறகு பராமரிப்பு எப்படி? எடுக்கலாமா?"

தம்பி, கம்பனியின் பெயரை நீங்களும் எழுதவில்லை, நானும் எழுதப் போவதில்லை. முப்பது வருடம் அரசாங்கத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். கட்டிட வேலை தெரிந்த ஆள் என்ற துணிச்சலில்தான் இந்த வீட்டை வாங்கினேன். தெரிந்தும் ஏமாந்த இடங்கள் இருக்கின்றன. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் தாமதம். 2018 ஏப்ரலில் ஒப்பந்தம் எழுதினோம். 1,050 சதுர அடி, விலை 140 இலட்சம். 2020 டிசம்பரில் கையளிப்பதாக எழுத்தில் இருந்தது. சாவி கைக்கு வந்தது 2023 ஜூனில், முப்பது மாதம் பிந்தி. அந்த முப்பது மாதமும் நாவற்குடாவில் 25,000 ரூபா வாடகையில் இருந்தோம். ஏழரை இலட்சம் அதிலேயே போனது.

கேட்டால் கொரோனா, பிறகு பொருளாதார நெருக்கடி என்பார்கள். அதில் பொய் இல்லை. 2020இல் ஊரடங்கு வந்தது, மாபிளுக்கும் குளியலறைச் சாமானுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் விற்ற சீமெந்துப் பை 2022இல் 2,500ஐத் தாண்டியது. கொங்கிறீற் கலக்கும் இயந்திரத்துக்கு டீசல் எடுக்கவே வரிசையில் நின்றார்கள். யார் கட்டியிருந்தாலும் ஒரு வருடம், ஒன்றரை வருடம் பிந்தியிருக்கும். அதற்கு நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கொரோனா வருவதற்கு முன்பே வேலை பிந்திவிட்டது. வண்டி நிறுத்தும் கீழ்த்தளம், அதன் மேல் தளத்துக்கு ஆறு வீடாக மூன்று தளம், மொத்தம் 18 வீடு. நாலு கொங்கிறீற் தட்டுப் போட வேண்டும். அவர்களே தந்த அட்டவணைப்படி கூரைத் தட்டு 2019 ஓகஸ்ட்டில் முடிந்திருக்க வேண்டும். 2019 டிசம்பரில் நான் போய்ப் பார்த்தபோது இரண்டாவது தட்டுக்கு முட்டுக்கொடுத்த பலகைகூடக் கழற்றவில்லை. அதற்குள் என்னிடமிருந்து 112 இலட்சம் போய்விட்டது, விலையில் 80 வீதம்.

எப்படிப் போனது? எங்கள் ஒப்பந்தத்தில் தவணை திகதியோடு கட்டப்பட்டிருந்தது. கையெழுத்திடும்போது 20 வீதம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 10 வீதம். கட்டிடம் வளர்ந்தாலும் வளராவிட்டாலும் பணம் போகவேண்டும். நான் பிந்தினால் மாதம் இரண்டு வீத வட்டி. அவர்கள் பிந்தினால் என்ன என்று எந்த வரியும் இல்லை. 'எமது கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்கள்' என்று ஒரு பந்தி மட்டும் இருந்தது. 2022இல் அந்தப் பந்தியைக் காட்டித்தான் எல்லோரிடமும் மேலதிகமாக விலையில் ஐந்தில் ஒரு பங்கு கேட்டார்கள். எனக்கு அது 28 இலட்சம். வாங்கிய பதினாலு பேரும் ஒன்றாகப் போய் உட்கார்ந்ததால் 15 இலட்சத்துக்கு இறங்கினார்கள். நான் கடைசி 10 வீதத்தை ஊரடங்கைச் சாட்டி நிறுத்தி வைத்திருந்தேன். பேச்சுவார்த்தையில் உதவியது அந்த 14 இலட்சம்தான். முழுக்கக் கட்டி முடித்திருந்தவர்களுடைய பேச்சை அவர்கள் கேட்ட விதமே வேறு.

இப்போது உங்களிடம் முற்பணத்துக்கு ஒரு படிவம் அனுப்பியிருப்பார்கள். அதில் கையெழுத்துப் போட்டுப் பணம் அனுப்ப வேண்டாம். நம் நாட்டுச் சட்டத்தில் காணி, வீடு விற்கும் உடன்பாடு நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். கம்பனித் தலைப்பிட்ட கடதாசியை வைத்துக்கொண்டு அந்த வீட்டைத்தான் தரவேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்க முடியாது. நீங்கள் சுவிஸில் இருப்பதால் ஊரில் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுக்க வேண்டிவரும். அந்த ஆள் கம்பனி சொல்லும் ஆளாக இருக்கக் கூடாது. எங்கள் கட்டிடத்தில் இரண்டு பேர் அந்தப் பிழையைச் செய்தார்கள்.

அடுத்தது சாவிக்கும் உறுதிப் பத்திரத்துக்கும் இடையில் இருக்கும் பள்ளம். 2023 ஜூனில் பால் காய்ச்சிக் குடிபோனோம். அப்போது மாநகர சபையின் இணக்கச் சான்றிதழ் வந்திருக்கவில்லை. அனுமதித்த வரைபடத்தின்படிதான் கட்டியிருக்கிறது, குடியிருக்கலாம் என்று சொல்லும் கடதாசி அது. கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்தக் காட்டிய இடத்தில் கம்பனி ஒரு அறை கட்டி அலுவலகமாக வைத்துக்கொண்டது. வரைபடத்தில் அந்த அறை இல்லை. சபை சான்றிதழ் தர மறுத்தது. அறையை இடித்துச் சான்றிதழ் எடுக்க 2024 மே மாதம் ஆனது.

அது இல்லாமல் அடுத்த எதுவும் நகராது. தொடர்மாடிக்கு வீடு வீடாகப் பிரித்த வரைபடம் ஒன்று உண்டு. அதைக் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை பார்த்துச் சான்றளித்து, காணிப் பதிவகத்தில் பதிந்த பிறகுதான் உங்கள் வீடு சட்டத்தில் ஒரு தனி ஆதனமாகப் பிறக்கிறது. அதுவரை இருப்பது கம்பனியின் பெயரில் ஒரு காணியும் அதன் மேல் ஒரு கட்டிடமும்தான். உறுதி எழுத முடியாது, வங்கியில் ஈடு வைக்க முடியாது. வீட்டுக்காரர் எல்லோரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனமும் அந்தப் பதிவோடுதான் உண்டாகும். எனக்கு உறுதி கைக்கு வந்தது 2024 ஒக்டோபரில். சாவிக்கும் உறுதிக்கும் இடையில் பதினாறு மாதம்.

சரி, கட்டுமானம். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எலும்புக்கூடு நல்லது. நிலத்தடியில் பைல் இறக்கித்தான் எழுப்பினார்கள். தூண், வளை, தட்டு எல்லாம் கிரேட் 25 கொங்கிறீற். 7 நாள், 28 நாள் கட்டிப் பரிசோதனை முடிவுகளைக் கேட்டேன், கோப்போடு கொண்டுவந்து காட்டினார்கள். இரண்டாவது தட்டுப் போட்ட அன்று நானே நின்று பார்த்தேன். கம்பிக்குக் கீழே கவர் கட்டை ஒழுங்காக வைத்திருந்தார்கள். கடல் ஒரு பக்கம், வாவி ஒரு பக்கம் இருக்கும் ஊரில் அந்தக் கட்டைதான் கட்டிடத்தின் ஆயுள். கம்பியை மூடும் கொங்கிறீற் மெல்லியதாக இருந்தால் உப்பு உள்ளே போய், கம்பி துருப்பிடித்து வீங்கி, பத்துப் பதினைந்து வருடத்தில் கொங்கிறீற்றை வெடித்துத் தள்ளிவிடும். இங்கே அந்தப் பயம் எனக்கு இல்லை.

பிழை எல்லாம் தண்ணீரில். அது எப்போது தெரிந்தது என்பதுதான் நான் சொல்ல வந்த விசயத்தின் நடு.

எங்கள் ஒப்பந்தத்தில் குறைபாட்டுக் காலம் ஆறு மாதம். சாவி தந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தெரியும் பிழையைக் கம்பனி தன் செலவில் திருத்தித் தரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மட்டக்களப்பில் ஜூன் மாதம் எப்படி என்று யோசித்துப் பாருங்கள். கச்சான் காற்று அடித்து நிலம் வெடிக்கும். ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர் எல்லாம் வெயில். வீடு எலும்பு மாதிரிக் காய்ந்து கிடக்கும். சுவர் அழகு, கூரை அழகு. மாரி பிடிப்பது ஒக்டோபர் கடைசியில்தான். நன்றாக இறங்குவது நவம்பர், டிசம்பரில். வாடைக் காற்றோடு மழை சாய்ந்து அடித்தால்தான் ஜன்னல் ஒழுகுமா என்று தெரியும். ஆறு மாதத்தில் நாலரை மாதம் எந்தப் பிழையும் தெரியாத மாதம். சாவியை ஜூனில் தந்தது திட்டமிட்டா, தற்செயலா, நான் அறியேன். ஆனால் ஜூனில் சாவி வாங்குபவருக்கு ஆறு மாதம் என்பது உண்மையில் ஆறு கிழமைதான்.

அந்த ஆறு கிழமையில் மூன்று பிழை வெளிவந்தது. வடகிழக்கைப் பார்த்த ஜன்னல்களின் அடிக்கட்டு வெளிப்பக்கம் சாயாமல் மட்டமாக இருந்தது. தண்ணீர் அதில் தேங்கி, அலுமினியச் சட்டத்துக்குக் கீழால் அறைக்குள் வந்தது. இரண்டாவது, சீமெந்துக் கல் சுவர் கொங்கிறீற் தூணோடு சேரும் இடம். அங்கே கோழிக்கூட்டு வலை வைத்துப் பூசவேண்டும். வைக்கவில்லை. வெயிலில் இரண்டும் இரண்டு விதமாகச் சுருங்கியதில் நேர்கோடாக வெடிப்பு. மழையில் அந்தக் கோடு வழியாக ஈரம் ஏறி உப்புப் பூத்தது. மூன்றாவது, எனக்கு மேல் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் என் வீட்டுக் கூரையில் மஞ்சள் வட்டமாக இறங்கியது. இது மழையால் வந்ததும் இல்லை. மேல் வீட்டுக்காரர் தீபாவளிக்கு வந்து தங்கிக் குளிக்கத் தொடங்கியதும் தெரிந்தது, அதுவரை வீடு பூட்டிக் கிடந்தது.

மூன்றாவதை மட்டும் நான் சாவி வாங்கும் நேரத்திலேயே பிடித்திருக்கலாம். குளியலறையின் ஓட்டையைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, 48 மணித்தியாலம் விட்டு, கீழ் வீட்டுக் கூரையைப் பார்த்தால் போதும். முப்பது வருடம் மற்றவர்களுடைய வேலையில் இதைச் செய்யச் சொன்ன ஆள் நான். என் வீட்டில் செய்யவில்லை. மனைவி இன்றும் சொல்லிக்காட்டுவார்.

டிசம்பர் 10ஆம் திகதி மூன்றையும் படத்தோடு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஆறு மாதம் முடிய இரண்டு கிழமை இருந்தது. எனக்குத் திருத்தித் தந்தார்கள், மார்ச்சில் என்றாலும் தந்தார்கள். பக்கத்து வீட்டுத் தங்கச்சி, ஒரு ஆசிரியை, அதே பிழையை மேற்பார்வையாளருக்கு வாட்ஸப்பில் குரல் பதிவாகவே நாலு தடவை சொல்லியிருந்தார். அவரும் நல்ல பிள்ளை, 'பார்க்கிறோம் டீச்சர்' என்று ஒவ்வொரு தடவையும் பதில் போட்டிருந்தார். ஜனவரியில் கம்பனி, காலம் முடிந்துவிட்டது என்றது. டீச்சர் ஜன்னலைத் தன் காசில் திருத்தினார்.

அடுத்தது மலக்குழி. அம்மா இருக்கப்போகிற வீடு என்றபடியால் இதை விட்டுவிட மனம் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் பொதுக் கழிவுநீர்க் குழாய் இல்லை. ஒவ்வொரு கட்டிடமும் தன் கழிவைத் தன் காணிக்குள்ளேயே தீர்க்க வேண்டும். எங்கள் கட்டிடத்தில் ஒரு பெரிய மலக்குழி. அதில் தெளிந்த நீர் பக்கத்தில் பத்தடி ஆழ ஊறு குழிக்குப் போய் மணலில் இறங்கிவிடும் என்று கணக்கு. கோடையில் அப்படியே இறங்கியது, நல்ல மணல். பின் வளவுக் கிணற்றில் கயிறு விட்டு அளந்தேன். ஓகஸ்ட்டில் தண்ணீர் ஒன்பது அடியில் நின்றது. டிசம்பரில் இரண்டரை அடி. அப்படியென்றால் டிசம்பரில் ஊறு குழியில் முக்கால் பங்கு நிலத்தடி நீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது. தண்ணீர் இறங்க வேண்டிய குழிக்குள் தண்ணீர் ஊறி ஏறுகிறது. எவ்வளவு பெரிதாக வெட்டினாலும் அது இந்த நிலத்தில் மாரியில் ஒரு கிணறுதான்.

18 வீடு, வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு 150 லீட்டர் என்று வைத்தால் ஒரு நாளுக்குப் பத்தாயிரம் லீட்டருக்கு மேல். குழியை உறிஞ்ச எங்களுக்கு வரும் கலி பவுசர் ஒரு தடவைக்கு 4,000 லீட்டர்தான் ஏற்றும். 2023 டிசம்பரில் கீழ்த்தளத்து மூடி வழியாகப் பொங்கியது. கார் சில்லு நனைந்து நின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து அறிவித்தல் கொடுத்தார். அப்போது உறுதி எழுதப்படாததால் காணி கம்பனியின் பெயரில் இருந்தது, அறிவித்தலும் அவர்கள் பெயருக்கே போனது. உறுதி பிந்தியதால் கிடைத்த ஒரே நன்மை இதுதான். பெப்ரவரி வரை பவுசரை அவர்களே அனுப்பினார்கள். வெயில் வந்ததும் எல்லோரும் மறந்தோம், நாங்களும்தான்.

2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளம் உங்களுக்கும் நினைவிருக்கும். அதற்குள் உறுதிகள் எழுதி முடிந்திருந்தன. பொங்கிய குழி அப்போது எங்கள் குழி. கம்பனிக்கு எடுத்தால், 'இப்ப அது உங்கட பொது ஆதனம் ஐயா' என்றார்கள். சட்டப்படி அது சரியும்கூட. மூன்று நாள் கீழே வண்டி எடுக்க முடியவில்லை. ஒரு வீட்டுப் பெரியம்மாவைச் சக்கர நாற்காலியோடு தூக்கிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம்.

பராமரிப்புப் பணத்தின் கதையும் இதோடு ஒட்டியது. சாவி தரும்போதே ஒரு வருடப் பணத்தை முன்கூட்டி வாங்கினார்கள். சதுர அடிக்கு மாதம் ஆறு ரூபா, எனக்கு 75,600. ஆறு ரூபா 2018இல் போட்ட கணக்கு. 2022 ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதமும் கூடியது. லிப்ட், தண்ணீர்ப் பம்பி, படிக்கட்டு வெளிச்சம் எல்லாம் அதிலேயே ஓடுகிறது. ஒன்பதாவது மாதம் 'பணம் முடிந்தது' என்றார்கள். கணக்குக் கேட்டோம். ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து தந்தார்கள், பற்றுச்சீட்டு ஒன்றும் இல்லை. விற்காமல் அவர்கள் கையில் இருந்த நாலு வீட்டுக்கு ஒரு சதமும் வரவில் இல்லை. பதினாலு வீடு கட்டிய பணத்தில் பதினெட்டு வீடு ஓடியிருக்கிறது.

2025 ஜனவரியில் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் முதல் கூட்டம் நடந்தது. கணக்கு இப்போது எங்கள் கையில். சதுர அடிக்கு 11 ரூபா, அதில் இரண்டு ரூபா பெரிய திருத்தங்களுக்கு என்று தனிக் கணக்கில் போகிறது. விற்காத வீட்டுக்குக் கம்பனியும் கட்டுகிறது. சட்டப்படி அவர்களும் ஒரு வீட்டுக்காரர்தானே. முதல் இரண்டு மாதம் இழுத்தார்கள், அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதுகிறோம் என்றதும் கட்டினார்கள். லிப்ட் பற்றி முறைப்பாடு இல்லை. அழைத்தால் ஆள் வருகிறது.

குழிக்கு ஒரு வழி பண்ணியிருக்கிறோம். விளம்பரப் படத்தில் பூங்கா என்று காட்டிய பின்பக்க நிலம், கிட்டத்தட்ட 2,000 சதுர அடி, முழுக்க மூன்றரை அடி உயரத்துக்குக் கல்லும் மணலுமாக மேடு போட்டோம். மலக்குழியில் தெளிந்த நீரைப் பம்பியால் அந்த மேட்டின் மேல் குழாய்களுக்கு ஏற்றுகிறோம். மாரியில் நிலத்தடி நீர் ஏறினாலும் மேட்டுக்குள் கழிவுநீர் வடிய உலர்ந்த மணல் மிஞ்சும். செலவு 32 இலட்சம், பங்குப் பெறுமதிப்படி எல்லோரும் பிரித்துக் கட்டினோம். கட்டும்போதே செய்திருந்தால் இதில் பாதியும் ஆகாது. இப்போது அங்கே புல்லு முளைத்திருக்கிறது, பூங்கா மாதிரித்தான் தெரிகிறது.

எடுக்கலாமா என்று கேட்டீர்கள். இந்தக் கம்பனியிடம் இன்றைய படிவத்தில், இன்றைய நிபந்தனையில் எடுக்க வேண்டாம். மூன்று விசயத்துக்கு ஒத்துக்கொண்டால் எடுங்கள், ஏனென்றால் கொங்கிறீற் வேலை தெரிந்தவர்கள் அவர்கள். தவணை ஒவ்வொன்றும் ஒரு தட்டு, ஒரு தளம் என்று முடிந்த வேலையோடு கட்டப்பட வேண்டும். கடைசிப் பத்து வீதம் சாவிக்கு இல்லை, உறுதிக்கு. குறைபாட்டுக் காலத்தை மாதக் கணக்கில் எழுத விடாமல், 'கையளித்த பிறகு வரும் முதல் மாரி முடிந்து பெப்ரவரி 28 வரை' என்று எழுதச் சொல்லுங்கள். நொத்தாரிசு சிரிப்பார். எழுதலாம், தடை ஒன்றும் இல்லை. கையெழுத்துக்கு முன் மாநகர சபையில் அனுமதித்த வரைபடத்தைக் கேட்டு வாங்கி, கழிவுநீர் எங்கே போகிறது என்ற பக்கத்தைப் பாருங்கள். அதில் ஊறு குழி என்று மட்டும் இருந்தால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள். இரண்டாவது கட்டிடத்தின் காணி எங்களதைவிட வாவிக்குக் கிட்ட.

எங்கள் மேடு இன்னும் ஒரு மாரியும் காணவில்லை. அம்மாவைப் பார்க்க டிசம்பரில் வருவீர்கள்தானே. மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்த பிறகு ஒரு பின்னேரம் எடுத்துச் சொல்லிவிட்டு வாருங்கள். கீழ்த்தளத்தில் லிப்டுக்கு இடப்பக்கம் இரண்டு இரும்பு மூடி இருக்கும். உள்ளே வரும்போதே மூக்கு சொல்லும், நான் சொல்ல வேண்டி இருக்காது.